பாதியில் மடித்த கடிதம்

சித்தப்பா அந்தக் கடிதத்தைப் பாதியில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அவர் இறந்து பல வருடங்களாகிவிட்டன. கோபம் மட்டும் போகவில்லை.

அப்போது அனுமந்தன்பட்டியில் இருந்தோம். ஐந்தாவதோடு என் படிப்பு நின்று, அப்பாவோடு பந்தல் போட்ட எங்கள் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அக்கா பெரியகுளம் பக்கம் ஒரு கல்லூரியில் விடுதியில் தங்கிப் படித்தாள். லீவுக்கு வந்திருந்தபோது, ஒரு இங்கிலீஷ் கட்டுரையைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்க வேண்டும் என்றாள். அதற்கு உத்தமபாளையத்தில் இருந்த கம்ப்யூட்டர் கடைக்குத்தான் போக வேண்டும். வயசுப் பிள்ளை தனியாகப் போகக்கூடாது என்று என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு வயதுப் பையன், பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குத் துணை!

நாலு சாயங்காலம் போனோம். நான் செருப்புகள் கிடக்கிற வாசல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். அக்கா ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிப்பாள். கடைசி நாளில் பிளாப்பியைக் கைக்குட்டையில் சுற்றி, முன்னதாகவே விடுதிக்குத் திரும்பிய சின்னமனூர்த் தோழியிடம் கொடுத்தனுப்பினாள். பிளாப்பி என்பது உள்ளங்கை அகலத்தில் கருப்பாக, சதுரமாக இருக்கும். அடித்ததை அதில் ஏற்றி எங்கும் கொண்டுபோகலாம்.

அடுத்த வாரம் கல்லூரி டீச்சரிடமிருந்து ஒரு இன்லண்ட் கடிதம் வந்தது. அக்கா பெயருக்குத்தான் வந்தது. ஆனால் எங்கள் வீட்டில் யார் பெயருக்குக் கடிதம் வந்தாலும் சித்தப்பாதான் பிரிப்பார். பிரித்து, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"அன்புள்ள மாணவிக்கு, நீ கொடுத்தனுப்பிய பிளாப்பி கிடைத்தது. உன் பெயரிட்ட ஃபைல் அதில் இருக்கிறது. திறந்தால் பக்கம் வெள்ளையாக இருக்கிறது. ஒரு எழுத்துகூட இல்லை."

அவ்வளவுதான். மடித்துப் பையில் வைத்துவிட்டார்.

"வெள்ளைப் பக்கத்த அனுப்பத்தான் நாலு நாளு பஸ் ஏறுனியாக்கும்?" என்றார்.

அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அங்கன என்னடி பண்ணுன?"

"டைப் அடிச்சேன்ப்பா."

"அடிச்சது எங்க? டீச்சர் ஒரு எழுத்தும் இல்லைன்னு எழுதியிருக்காகளே, அவுக பொய் சொல்றாகளா?"

"எனக்குத் தெரியலப்பா. நெசமா அடிச்சேன்."

"தெரியாதாம்ல! தாலியக் கட்டி அனுப்பியிருந்தா இந்தக் கேவலம் வருமா? படிச்சது போதும். ஆஸ்டல்ல கெடக்குற பொட்டியத் தூக்கிட்டு வந்துரு."

அம்மா அழ ஆரம்பித்தாள். "ஆத்தா, யாரையாச்சும் பாக்கப் போனியா? சொல்லிரு ஆத்தா." அக்காவின் முகம் சிவந்துபோனது.

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏலே, இங்கன வா. நீதான கூடப் போன? இவ என்ன செஞ்சா? யாரும் வந்து பேசுனாகளா?"

என்னை அந்த வீட்டில் யாரும் எதுவும் கேட்டதில்லை. நானும் பேசுகிற ஆள் இல்லை. எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "அக்கா டைப்தான் அடிச்சுச்சு. கடைக்கார அண்ணன் தவிர யாரும் பேசல. அவரும் தள்ளி நின்னுதான் பேசுனாரு."

அப்பாவின் மூச்சு இறங்கியது. "சரி. அப்ப அடிச்சது எங்க போச்சு?"

அக்கா சித்தப்பாவின் எதிரே போய் நின்றாள். "கடுதாசியக் குடுங்க." அவர் யோசிப்பதற்குள் பையிலிருந்து பிடுங்கி, அவர் நிறுத்திய இடத்திலிருந்து சத்தமாக வாசித்தாள்.

"நீ எழுதாமல் அனுப்பியிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். எழுதியது ஒரு ஃபைலிலும், பிளாப்பியில் வந்தது வேறொரு ஃபைலுமாக இருக்கலாம். பலருக்கும் இப்படி நடக்கிறது. நீ அடித்த அதே கம்ப்யூட்டரில் தேடிப் பார். உண்மையான ஃபைலைப் பிளாப்பியில் ஏற்றி, பிளாப்பியிலிருந்தே திறந்து பார்த்துவிட்டு, லீவு முடிந்து வரும்போது கொண்டு வா. அதுவரை மதிப்பெண் போடாமல் வைத்திருக்கிறேன்."

"இத ஏன் வாசிக்கல?"

"அது அம்புட்டு முக்கியமாத் தெரியல," என்றார் சித்தப்பா. கூசாமல் சொன்னார்.

மறுநாள் காலை அப்பா, சித்தப்பா, அக்கா, நான் என்று நாலு பேரும் உத்தமபாளையம் போனோம். கடைக்கார அண்ணனுக்கு விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். அக்கா தான் உட்கார்ந்த கம்ப்யூட்டரைக் காட்டினாள். கடைசியாகத் திறந்த ஃபைல்களின் பெயர் நாலு அதில் தெரியும் என்று பார்த்தார். நாலும் வேறு ஆட்களின் பயோடேட்டா.

"கட்டுரைக்குள்ள வர்ற வார்த்தை, மத்தவுக எழுதாத வார்த்தையா ஒண்ணு சொல்லும்மா."

"பந்தல்."

இங்கிலீஷ் எழுத்தில் அதை அடித்துத் தேடச் சொன்னார். திரையில் ஒரு பூதக்கண்ணாடிப் படம் சுற்றிச் சுற்றி வந்தது. அப்பா சாமி கும்பிடுகிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தார். பிறகு ஒரே ஒரு பெயர் வந்து விழுந்தது. அண்ணன் அதைத் தட்டியதும் பக்கம் பக்கமாக எழுத்து.

"ஃபைல் எங்கயும் போகலண்ணே, இங்கனயேதான் படுத்துத் தூங்கியிருக்கு," என்றார் அண்ணன்.

நடந்தது இதுதான். முதல் நாள் அவர் பிளாப்பியைப் போட்டு, அதிலேயே ஒரு புது ஃபைல் உண்டாக்கி அக்காவின் பெயரை வைத்துக் கொடுத்திருக்கிறார். அக்கா அதைத் திறக்காமல் டைப் அடிக்கிற புரோகிராமைத் தனியாகத் திறந்துவிட்டாள். அதுவும் வெள்ளையாகத்தான் இருந்தது, அதில் அடித்தாள். சேமிக்கச் சொன்னபோது, கட்டுரையின் முதல் வரியையே பெயராக வைத்து அது கம்ப்யூட்டருக்குள் வைத்துக்கொண்டது. மறுநாட்களிலும் கடைசியாகத் திறந்த ஃபைல்களின் வரிசையிலிருந்து, பெயரைக் கவனிக்காமல், அதையே திறந்து அடித்தாள். கடைசி நாள் பிளாப்பியில் தன் பெயர் இருப்பதைப் பார்த்துத் திருப்தியாக எடுத்து வந்துவிட்டாள். பெயர் வைத்த ஃபைலில் எழுத்து இல்லை. எழுத்து இருந்த ஃபைலில் பெயர் இல்லை.

அண்ணன் ஒரு புது பிளாப்பி எடுத்து அதில் ஏற்றினார். கரகரவென்று சத்தம் கேட்டது. "பிளாப்பி போட்ட எடத்துல லைட் அணையுற வரைக்கும் தொடாத," என்றார். அணைந்ததும் அக்கா பிளாப்பியிலிருந்தே ஃபைலைத் திறந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தாள். மூடிவிட்டு மறுபடியும் திறந்து பார்த்தாள்.

சித்தப்பா திரையில் எழுத்துக் கூட்டி வாசித்து, "அண்ணே, திராட்சை யாவாரத்தப் பத்தில்ல எழுதியிருக்கா," என்றார். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "நம்ம தோட்டமுமா வருது?" பஸ் ஸ்டாண்டில் எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். முந்தின நாள் பேசியது தப்பு என்று அவரும் சொல்லவில்லை, சித்தப்பாவும் சொல்லவில்லை. காக்காய் எச்சத்தைத் துடைத்துவிட்டுப் போகிற மாதிரிப் போய்விட்டார்கள். அக்கா வடையை வாங்கி என் கையில் வைத்தாள்.

பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் காப்பாற்றிக் கொடுத்த அக்கா! அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"இனிமே நீ எனக்குத் துணைக்கு வர வேணாம்டா."

"ஏன்க்கா? நான் ஒனக்காகத்தான பேசுனேன்?"

"ஆமா. நானும் ரெண்டு தடவ சொன்னேன். ஆனா ஒன்னயத்தான கேட்டாக."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு ரோஷமாகிவிட்டது. அத்தனை பேருக்கு முன்னால் உண்மையைச் சொன்னவன் நான், நம்பியது என் பேச்சை, ஃபைலும் கிடைத்துவிட்டது. இவள் என்மேல் எதற்குக் கோபப்படுகிறாள்? எழுந்து போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். லீவு முடிந்து அவள் விடுதிக்குக் கிளம்பும் வரை அவளோடு பேசவே இல்லை.