மரியாதையாகப் பாக்கி கேட்ட கதை

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த புதிதில், மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் குடியிருப்புக்காரர்களும் ஒரு சங்கம் தொடங்கினோம். நாடே கமிட்டி போட்டுக்கொண்டிருந்தபோது நாங்கள் மட்டும் சும்மா இருப்பதா? இருபத்திரண்டு வீடுகள், மாதச் சந்தா மூன்று வெள்ளி. ஜாகா என்று நாங்கள் கூப்பிடும் காவல்காரரின் சம்பளமும் புல் வெட்டும் கூலியும் அதிலிருந்துதான். பண்டார் ஹிலிரில் குமாஸ்தாவாக இருந்த எனக்குக் கையெழுத்து அழகு என்று பொருளாளர் பதவியைத் தலையில் கட்டினார்கள்.

சீக்கிரமே பாதி வீடுகளில் இரண்டு மாதப் பாக்கி. ஜாகாவுக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. ரப்பர் தோட்டத்திலிருந்து பிள்ளைகுட்டியோடு வந்தவர் அவர். மளிகைக்கடையில் அவருக்குக் கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"ஒரு நோட்டீஸ் எழுதுங்க சார். யார் மனசும் நோகக் கூடாது" என்றார் செயலாளர்.

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். வேலைப்பளுவில் சிலருக்குச் சந்தா நினைவில் நழுவியிருக்கலாம் என்று அவர்களுக்காக நானே சாக்கும் சொன்னேன். தொகையைப் போடுவது அநாகரிகம். கடைசித் தேதி போட்டால் மிரட்டல். ஜாகாவின் சம்பளத்தைச் சொன்னால் சங்கத்துக்குக் கேவலம். எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி, வீடுவீடாகக் காட்டிக் கையெழுத்து வாங்கிவர ஜாகாவையே அனுப்பினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது.

சாயங்காலம் எல்லாக் கையெழுத்துகளோடும் வந்தார். பாக்கிக்காரர் ஒருவர் 'அருமையான நடை' என்று எழுதியிருந்தார். மறைப்பானேன், ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஜாகா சட்டைப்பையிலிருந்து ஆறு வெள்ளியை எடுத்து வைத்தார். கடைசி வீட்டு மலாக்கா செட்டிக்காரர் கட்டிய பாக்கி. பல தலைமுறைக்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய வம்சம்; அவர் வீட்டில் பேச்செல்லாம் மலாய்தான், தமிழ் படிக்க வராது.

"என்னா கடுதாசின்னு மலாய்ல கேட்டாருங்கையா. ரெண்டு மாசமா எனக்குச் சம்பளம் வரல, அதாத்தான் இருக்கும்னேன். உடனே உள்ள போயி எடுத்தாந்து குடுத்தாரு. அதானுங்களே எழுதியிருக்கு?"

"அதேதான்" என்று பொய் சொல்லிவிட்டு ரசீது எழுதினேன். அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அன்றே வேறு நோட்டீஸ் எழுதினேன். ஜாகாவுக்கு இரண்டு மாதமாகச் சம்பளம் தரவில்லை, உங்கள் பாக்கி ஆறு வெள்ளி, சனிக்கிழமைக்குள் என்னிடம் கட்டி ரசீது பெற்றுக்கொள்ளவும். பாக்கி வீடுகளுக்கு மட்டும் உறையில் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சனிக்கிழமை ஜாகாவின் சம்பளம் முழுதும் அவர் கைக்குப் போனது.

அடுத்த கூட்டத்தில், என் நடையைப் பாராட்டியவரே எழுந்து, பொருளாளரின் இரண்டாவது நோட்டீஸ் மரியாதைக் குறைவானது என்று தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறியது. தமிழ்ப் பேச்சு புரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செட்டிக்காரர், என்ன தீர்மானம் என்று என்னிடம் மலாயில் கேட்டார்.

நானும் நன்றாக மலாய் பேசுகிறவன்தான். எவ்வளவு யோசித்தும் அதை அவருக்குப் புரியும்படி சொல்ல எனக்கு வரவில்லை.