செருப்புகளைக் கழித்த கணக்கு

பெங்களூரில் ஒரு கால் சென்டரில் எனக்கு வேலை. அழைப்பவர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சர்க்கரை. கால் விரல் ஒன்று கறுத்துப்போய், தங்கச்சி அவரை நகரியிலிருந்து திருப்பதி பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். கால் பார்க்கும் டாக்டர் வாரம் ஒருநாள்தான் வருவார். சீட்டு கொடுப்பது ஒரே கவுன்டர், பதினொன்றரைக்கு மூடிவிடுவார்கள். ஒன்பது நாற்பதுக்கு வரிசையைப் படம்பிடித்து அனுப்பிவிட்டுப் போன் செய்தாள்.

"நிக்கறதா, இல்ல இப்பவே ஆட்டோ புடிச்சி பிரைவேட்டுக்குப் போயிடறதா ணா?"

"பத்து நிமிஷத்துல எத்தினி பேரு சீட்டு வாங்கறாங்கன்னு பாத்துச் சொல்லு."

பார்த்து, ஐந்து பேர் என்றாள். ஆளுக்கு இரண்டு நிமிடம். படத்தைப் பெரிதாக்கித் தலைகளை எண்ணினேன். அவளுக்கு முன்னால் நாற்பது. எண்பது நிமிடம், பதினொரு மணிக்குள் சீட்டு கைக்கு வந்துவிடும்.

"நடுவுல செருப்பு, பையெல்லாம் போட்டு வச்சிக்கீறாங்க ணா."

"செருப்பு வந்து சீட்டு வாங்காது. நில்லு."

எங்கள் ஆபீசில் லைனை விட்டுப் போனவரைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவோம். அதே புத்தி. ரேஷன் கடையில் செருப்பை விட்டுவிட்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்து வளர்ந்தவன்தான் நானும். முறை நெருங்கினால் செருப்புக்காரன் வந்து நிற்பான், அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். தெரிந்தே மறந்தேன்.

பத்தரை மணியிலிருந்து ஒவ்வொருவராக வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்கள். அப்படி வந்தவர்கள் முப்பது பேர். கவுன்டரை மூடியபோது தங்கச்சிக்கு முன்னால் இன்னும் பதினைந்து பேர் இருந்தார்கள். பிரைவேட்டுக்கு ஓடினாள். அங்கேயும் கால் டாக்டர் கிளம்பிவிட்டிருந்தார், இனி அடுத்த வாரம்தான் என்றார்கள்.

அடுத்த வாரம் மூன்று விரல்களை எடுத்தார்கள். "போன வாரமே காட்டியிருந்தால் ஒன்றோடு போயிருக்கும்" என்றார் டாக்டர். அதைக் கேட்டுக்கொள்ளப் பெங்களூரிலிருந்து நான் அன்றைக்குத்தான் வந்திருந்தேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அதை யார்மேலாவது தள்ளிவிடத் தோன்றி, வார்டு வாசலில் தங்கச்சியைப் பிடித்துக்கொண்டேன்.

"வரிசை நீண்டுக்கினு போறது கண்ணுக்குத் தெரியுதில்ல, அப்பவே கிளம்பறதுக்கு இன்னா?"

அவள் தட்டைக் கழுவப் போனாள். வாசலோரக் கட்டிலில் படுத்திருந்த நைனாதான் பேசினார்.

"அவ போயிடலாம்னு ரெண்டு வாட்டி கூப்டா. நான்தான் வரல. நீ கணக்குப் போட்டுச் சொன்னா தப்பாதுன்னேன்."