பதில் கடிதத்தின் இரண்டாம் பத்தி

தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டில் ஒரு சுகாதாரக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அலுவலகம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். ரயில் நிலையத்துக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த மாடி வீடு, மூன்று அறை, ஒரு தமிழ்த் தட்டச்சுப் பொறி, மழை வந்தால் ஒழுகும் படிக்கட்டு. என் கணவர் அணுபுரம் குடியிருப்பில் எல்லோரையும் போல அணுமின் நிலையத்து வேலையில் இருந்தார். நான் தினமும் அங்கிருந்து பஸ் பிடித்து வருவேன். வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கேள்வி கேட்டு வரும் பெண்களின் படிவங்களைச் சரிபார்ப்பது என் வேலை. பொறுமை வேண்டிய வேலைதான். எனக்குத்தான் அது கிடையாது.

ஒரு நாள் தபாலில் ஓர் உள்நாட்டுக் கடிதம் வந்தது. திருக்கழுக்குன்றத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து, பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயா ஒருவர் எழுதியிருந்தார். அனுப்புநர் முகவரியில் வீடு இல்லை, பள்ளிக்கூடம் இருந்தது. எழுத்து பெரிசு பெரிசாக, கோடு தாண்டாமல் இருந்தது. எங்களுக்கு அதுவரை வந்த கடிதமெல்லாம் சம்பளம் கேட்டும் லீவு கேட்டும் வந்தவை. கணக்கெடுப்பில் பதில் சொன்ன ஒருவர் எங்கள் மேல் குறை சொல்லி எழுதியது அதுதான் முதல்.

எந்தக் கேள்வி என்று படித்ததுமே தெரிந்துவிட்டது. உயிருடன் பிறந்து பின்னர் இறந்த குழந்தை உங்களுக்கு உண்டா என்று ஒரு கேள்வி வரும். இல்லை என்று சொன்னால் விட்டுவிடக் கூடாது. பிறந்ததும் அழுத, மூச்சு விட்ட, கொஞ்ச நேரமே இருந்த குழந்தை ஏதாவது உண்டா என்று இன்னொரு தரம் கேட்க வேண்டும். பயிற்சியில் அதை எங்கள் பெண்களுக்கு மண்டையில் அடித்துச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். அவர் எழுதியிருந்தார்: நான் இல்லை என்றேன். உங்கள் பெண் மறுபடியும் கேட்டாள். அழுததா என்று கேட்டால் நான் என்ன சொல்வது? ஆமாம் என்று சொல்லிவிட்டேன். என் மாமியார் வாசலில் முறம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செத்துப் பிறந்தது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர்தான். அன்றிலிருந்து வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. ஒரு பொம்பளையிடம் இதைக் கேட்க உங்களுக்கு என்ன உரிமை? நான் சொன்னதை அடித்துவிடுங்கள்.

தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும் என்பது விதி. ஒற்றை அறை வீட்டில் தனி என்பதற்கு எங்கே போவது என்று அந்த விதியை எழுதியவர்கள் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. கேள்வி கேட்ட பெண்ணைக் கூப்பிட்டு விசாரித்தேன். "பாட்டி வெளிய இருந்தாங்க மேடம், காது கேக்காதுன்னு நெனச்சேன்," என்று அழுதாள். அவளைத் திட்டவும் மனம் வரவில்லை, விடவும் வரவில்லை.

திட்டத் தலைவர் ஒரு மருத்துவர். தஞ்சாவூர்க்காரர், ஈக்குக்கூட வலிக்காமல் பேசுகிற ஆள். பதிலை உடனே அனுப்ப வேண்டும் என்றார். முதல் பத்தியை என்னை எழுதச் சொன்னார், இரண்டாவதை அவரே சொன்னார், நான் எழுதிக்கொண்டேன்.

முதல் பத்திக்கு நான் ஒரு பகல் முழுக்க எடுத்துக்கொண்டேன். மன்னிப்பு கேட்டேன். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல மறுக்கும் உரிமை அவருக்கு இருந்தது, அதைத் தெளிவாகச் சொல்லாதது எங்கள் தவறு என்றேன். பிறகு, ஏன் கேட்கிறோம் என்பதை எழுதினேன். ஒரே ஒரு தரம் அழுத குழந்தையும் பிறந்த குழந்தைதான்; அப்படிப்பட்ட குழந்தைகளை மறந்துவிடு என்று தாய்மாரிடம் சொல்லிவிடுகிறார்கள்; அதனால் அந்தக் குழந்தைகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை; எத்தனை பேர் அப்படிப் போகிறார்கள் என்று தெரியாமல் அவர்களைக் காப்பாற்ற வழி செய்ய முடியாது; அதனால்தான் இரண்டு தரம் கேட்கிறோம். வழக்கமான அரசாங்கத் தமிழில் எழுதவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சொல்கிற மாதிரி எழுதினேன். மருத்துவர் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்.

இரண்டாம் பத்தி சின்னது. தங்கள் விருப்பப்படி தங்கள் படிவம் நீக்கப்பட்டு அழிக்கப்பட்டது, தங்கள் பதில்கள் எதிலும் பயன்படுத்தப்படமாட்டா என்று, அவ்வளவுதான். அதுவும் விதிப்படிதான். ஒருவர் வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும். படிவம் இன்னும் கணினிக்குப் போகவில்லை என்பதால் சுலபமாக முடிந்தது. மருத்துவர் என் கண் முன்னாலேயே கிழித்தார், பின்கட்டில் போட்டு எரித்தோம். வீடுகளின் பட்டியல் இருக்கும் மேல்தாளில் அந்த வீட்டுக்கு நேராக 'மறுத்துவிட்டார்' என்று குறித்துக்கொண்டோம். உறையில் திட்டத்தின் பெயர் வேண்டாம் என்று மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன். வெறும் பழுப்பு உறையில் பள்ளிக்கூட முகவரிக்குப் போயிற்று.

கொஞ்ச நாள் கழித்து அந்த ஆயாவே படியேறி வந்தார். முப்பது வயது இருக்கும். நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, எங்கள் கடிதத்தைக் கையில் நாலாக மடித்துப் பிடித்திருந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இத்த எழ்தினது யாரு?" என்றார்.

நான்தான் என்றேன்.

"ஒருவாட்டி அழ்த கொயந்தியும் கொயந்திதான்னு போட்டுகீறீங்களே. அது நெசமா மேடம்? கெவுர்மென்டுல அப்டித்தானா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப என்துத அடிக்க வேணாம். இருக்கட்டும்."

அவர் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னார். "கோவத்துல எழ்திட்டேன். வூட்ல அவ்ளோ பேச்சு. அப்பறம் இத்தப் படிச்சேன். ஸ்கூல்ல அரிசி பொடச்சிகினே நாலுவாட்டி படிச்சேன். செத்துப் பொறந்துச்சுன்னே எல்லாருஞ் சொல்லிச் சொல்லி, எனக்கே அப்டித்தானோன்னு ஆய்ப்போச்சு. ஆனா அது அழ்துச்சு மேடம். நா கேட்டேன். பூனக்குட்டி கணக்கா ரெண்டு மூணுவாட்டி அழ்துச்சு."

கடிதத்தில் இரண்டாம் பத்தியும் இருக்கிறதே, அதைப் படிக்கவில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். படித்திருக்கிறார். அழித்துவிட்டோம் என்று எழுதியிருந்தாலும் ஏதோ மூலையில் எடுத்து வைத்திருப்போம், கேட்டால் திரும்ப வைத்துவிடுவோம் என்று நம்பி, பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எரித்துவிட்டோம் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

அவர் அழவில்லை. கடிதத்தைப் பிரித்து இரண்டாம் பத்தியை மறுபடி ஒரு தரம் பார்த்தார். "கொளுத்திட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மருத்துவர் உள்ளேயிருந்து வந்தார். புதிதாக ஒரு படிவம் நிரப்பிக்கொள்ளலாம் என்று நான் சொன்னதைக் கேட்டு, சென்னையில் உள்ள தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டார். நேரம் முடிந்துவிட்டது, அந்தப் பகுதியை மூடியாயிற்று, மறுத்தவர் மறுத்தவர்தான் என்றார்கள். அவர் போனை வைத்துவிட்டு, "பிறப்பைப் பதிவு பண்ணலாம்மா. ஒரு வருஷம் தாண்டிட்டதால மாஜிஸ்திரேட் உத்தரவு வேணும். அப்ப கூட இருந்தவங்க யாராவது வந்து சொல்லணும்," என்றார்.

"கூட இருந்தது எங்க மாமியா," என்றார் அவர். "வந்து சொல்லுமா அது? பெட்டுக்கு எத்துனு போவலாம்னு நாந்தான் கத்தினேன். ராத்திரி வண்டிக்கு எங்க போறதுன்னு வுட்டுட்டாங்கோ. அழ்துச்சுன்னு ஒத்துகினா, ஏன் எத்துனு போவலன்னு ஊரு கேக்கும்ல?"

அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. அந்த மாமியார் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அந்தப் பக்கத்தில் பெட்டு என்றால் ஆஸ்பத்திரி. செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரியே இருக்கிறது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் வருகிறேன்.

ஆயா கிளம்பத் திரும்பினார். இன்னொரு கடிதம் எழுதுகிறேன், இருங்கள் என்று நான் நிறுத்தினேன். மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பிறப்புச் சான்று மாதிரி ஆயிடும்மா. நமக்கு அதிகாரம் கிடையாது."

"சான்று இல்ல சார். அவங்க நம்மகிட்ட சொன்னாங்கன்னு எழுதறோம். சொன்னது உண்மைதானே? நாம கேட்டதும் உண்மைதானே?" கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சரி என்று தலையாட்டினார்.

ஆயாவிடம் விவரம் கேட்டுக்கொண்டு நானே தட்டச்சில் உட்கார்ந்து இப்படி அடித்தேன்: தங்களுக்குப் பிறந்த குழந்தைகள் மூவர் என்றும், இருவர் நலமாக இருக்கின்றனர் என்றும், மூத்த பெண் குழந்தை உயிருடன் பிறந்து அன்றிரவே இறந்தது என்றும் தாங்கள் எங்கள் கணக்கெடுப்பாளரிடம் தெரிவித்தீர்கள். பின்னர் தாங்கள் கேட்டுக்கொண்டபடி படிவம் நீக்கப்பட்டது. இப்போது அதை மீண்டும் சேர்க்க இயலாததற்கு மிகவும் வருந்துகிறோம். மருத்துவர் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் அவரே குத்தினார்.

ஆயா விரலை ஓட்டி ஓட்டி வரி வரியாகப் படித்தார். உயிருடன் பிறந்து என்ற இடத்தில் விரல் நின்றது.

"அழ்துச்சுன்னு போட முடியுமா மேடம்?"

மறுபடி ஒரு தாளைச் செருகினேன். 'உயிருடன் பிறந்து, அழுது, அன்றிரவே இறந்தது' என்று அடித்தேன். மருத்துவர் மறுபடி கையெழுத்துப் போட்டார். பழைய தாளை நான் கிழித்துப் போட்டேன்.

இந்தத் தரம் அவர் படித்து முடிக்க வெகுநேரம் ஆனது. முடித்ததும் தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பிறகு என் மேஜை மேல் திரும்ப வைத்தார்.

"இத்த நா எங்க மேடம் வெப்பேன்? வூட்ல ஒரு டிரங்குப் பொட்டி கீது. அத்தயும் மாமியாதான் தொறக்கும். எங்க வூட்டுக்காரரு கண்ல பட்டா கிழிச்சிருவாரு. ஸ்கூல்ல எனக்குன்னு ஒரு எடம் கெடயாது. நீங்களே வெச்சிருங்க. நா வந்து வாங்கிக்கறேன்."

எப்போது வருவீர்கள் என்றேன். மாமியா காலத்துக்கு அப்பறம் என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்ட மாதிரி லேசாகச் சிரித்து, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அலுவலகத்தைச் சில மாதத்தில் மூடினார்கள். படிவங்களும் கோப்புகளும் வேனில் ஏற்றிச் சென்னைக்குப் போயின. இந்த ஒரு தாளை நான் வேனில் ஏற்றவில்லை. அணுபுரத்தில் என் வீட்டு விலாசத்தை எழுதி, பள்ளிக்கூட முகவரிக்கு ஒரு கார்டு போட்டேன். வேறொன்றும் எழுதவில்லை. பதில் வரவில்லை. பின்னர் ஒரு முறை மாமல்லபுரம் போகும் வழியில் இறங்கி அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போனேன். ஆயா வேலையில் வேறொருவர் இருந்தார். பழைய ஆயா படாளம் பக்கம் எங்கேயோ குடும்பத்தோடு போய்விட்டார், அதற்கு மேல் தெரியாது என்றார்.

எங்கள் ரேஷன் கார்டும் என் மகனின் பிறப்புச் சான்றும் இருக்கும் பையில்தான் அந்தத் தாள் இருந்தது. பள்ளியில் சேர்க்கவும் பாஸ்போர்ட்டுக்கும் மகனின் சான்றை எடுக்கும்போதெல்லாம் அதுவும் கையோடு வரும். இது யாருடையது என்று மகன் ஒரு தரம் கேட்டான். ஓர் அம்மா வாங்கிக்கொள்ள வருவார், பத்திரமாக வை என்றேன்.

அவர் வரவேயில்லை.