சாவி வேண்டாம், சோடா வேண்டாம்

என் உள்ளங்கையில் இதுவரை மூன்று முறை சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார்கள். மூன்றுமே விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில். எனக்கு வலிப்பு கிடையாது. வலிப்பு வந்தவனுக்கும் சாவி ஒரு மண்ணும் செய்யாது என்பது வேறு விஷயம். எனக்கு வருவது பேனிக் அட்டாக்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி வரிசையில் நிற்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளும். விரல்கள் மரத்துப்போகும். பஸ் முழுக்க இருக்கிற காற்றில் எனக்கென்று ஒரு வாய் மிச்சமில்லை என்று தோன்றும். அடுத்த நிமிஷம் சாவப்போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்காது. திண்டிவனத்தில் இருபத்து நாலு வருஷமாகத் தமிழாசிரியராக இருக்கிறவன். வேறெதிலும் அவ்வளவு நிச்சயமாக இருந்ததில்லை.

டாக்டர் இசிஜி எடுத்தார், ரத்தம் எடுத்தார், இதயம் சுத்தமாக இருக்கிறது என்றார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இதயத்தில் கோளாறு என்றால் பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளோடு வருவார்கள். பயம் என்றால் அறிவுரையோடு வருகிறார்கள்.

ஒவ்வொரு முறையும் விக்கிரவாண்டியிலேயே இறங்கிவிடுவேன். இறங்கியதும் சரியாகிவிடும். எதிர்ப்பக்கம் பஸ் பிடித்து வீட்டுக்குத் திரும்புவேன். இப்படியே லீவெல்லாம் தீர்ந்தது. தலைமையாசிரியர் மரியாதையாக முறைக்க ஆரம்பித்தார். என் மனைவியின் அண்ணன் ஒரு படி மேலே போய் விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பமே டைப் அடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

“மனச தைரியமா வச்சிக்கினா வராது மாப்ள. உங்களால முடியல. எதுக்கு பேஜாரு? கையெழுத்து போட்டுட்டு வீட்ல இருங்க.”

அந்த ஒரு பக்கத்தில் நாலு எழுத்துப்பிழை. அதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையாகவே நெஞ்சு வலித்தது.

அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனேன். அங்கே ஆலோசகர் ஒரு பெண், என் பழைய மாணவிகளின் வயசு. மெதுவாக மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தார். பயம் இல்லாத நேரத்தில் தினமும் பழக வேண்டும், அப்போதுதான் தேவைப்படும்போது கைகொடுக்கும் என்றார். பிறகு, “நல்லா இருக்கும்போதே ஒரு திட்டம் எழுதி வச்சிக்குங்க சார். அட்டாக் வர்ற நேரத்துல மூளை யோசிக்காது. அப்போ படிச்சு, அப்படியே செஞ்சா போதும்,” என்றார்.

எழுதச் சொன்னால் போதாதா எனக்கு. ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துவிட்டு உட்கார்ந்தேன். முழுநீளத் தாளில் நாலு பக்கம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை. குறுந்தலைப்புகளுக்கு ஸ்கேல் வைத்து அடிக்கோடு. எழுதி முடித்ததும் எனக்கே பத்துக்குப் பத்து போடலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை டோல்கேட்டில் அட்டாக் வந்தது. தாளைப் பிரித்தேன். ‘அச்சம் என்பது மனிதகுலத்தோடு கூடவே பிறந்து, குகைகளில் வளர்ந்து...’ எவன்டா இதை எழுதினவன் என்று வந்தது. நான் குகையில் இல்லை, மூணு பேர் சீட்டில் நடுவில் இருந்தேன். மூச்சைப் பற்றிய பகுதி மூன்றாம் பக்கத்தில். இரண்டாம் பக்கம் புரட்டுவதற்குள் பின்சீட்டுக்காரர், “வலிப்புப்பா! இந்தா சாவி! ஜல்தி புடி!” என்று என் கையில் திணித்துவிட்டார். யாரோ சோடா தேடினார்கள். யாரோ முகத்தில் தண்ணீர் அடித்ததில் முன்னுரை முழுக்க மை கரைந்து ஓடியது. அதில் மட்டும் எனக்கு வருத்தமில்லை.

இறங்கிவிட்டேன். பஸ் போன பிறகுதான் பார்க்கிறேன், அவர் சாவிக்கொத்து என் கையிலேயே இருக்கிறது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு மனைவியும் வந்தாள். ஆலோசகர் என் நாலு பக்கத்தில் முதல் வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“சார், இது உங்களுக்கா, நான் திருத்தி மார்க் போடறதுக்கா?”

“இதுல நான் எங்க இருக்கேன்?” என்றாள் மனைவி. கேள்வி ஆலோசகருக்கு இல்லை, எனக்கு. “வீட்ல வர்றப்ப, போ போன்னு என்ன வெளிய தள்ளிட்டு கதவ சாத்திக்கிறாரு. நான் வெளிய நின்னுக்கினு, உள்ள உசுரோட இருக்காரான்னு காத வச்சி கேட்டுக்கினு இருக்கேன். அது இதுல இருக்குதா? குகை இருக்குது!”

அவ்வளவு கோபத்தை அவள் எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. அதில் பாதி நியாயம் என்றால்கூடச் சமாளித்திருப்பேன். முழுக்க நியாயமாக இருந்தது.

ஆலோசகர் அஞ்சல் அட்டை அளவுக்கு ஒரு அட்டையைத் தள்ளினார். “முன்பக்கம் நீங்க. அஞ்சு வரிதான். உங்களுக்கு நீங்களே பேசிக்கிற மாதிரி. பின்பக்கம் அம்மா, பக்கத்துல இருக்கறவங்களுக்கு.”

ஐந்து வரி எழுத எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ‘இது பேனிக், முன்னாடியும் வந்துது, உச்சத்துக்குப் போச்சு, எறங்கிடுச்சு. பஸ்ஸ விட்டு நீ எறங்காத. ரெண்டு காலையும் தரையில அழுத்து. மூச்ச இழுக்கறத விட நீளமா, மெதுவா வுடு. எதிர்ல தெரியறதுல அஞ்சு சாமான் பேரு சொல்லு.’

மனைவி மூன்றே நிமிஷத்தில் எழுதிவிட்டாள். ‘இவருக்கு வலிப்பு இல்ல. சாவி வேணாம், சோடா வேணாம், தண்ணி அடிக்காதீங்க. சுத்தி நிக்காதீங்க. ஒருத்தர் மட்டும் பக்கத்துல உக்காந்து மெதுவா பேசுங்க. ஒண்ணுமில்லன்னு சொல்லாதீங்க, அவருக்குக் கோவம் வரும். மயங்கி விழுந்தாலோ, எப்பவும் இல்லாத மாதிரி நெஞ்சு வலின்னாலோ 108 கூப்டுங்க.’ கீழே அவள் போன் நம்பர்.

ஆசிரியர் நான். எழுத்து அவளுடையது.

அட்டையைச் சட்டைப்பையில் வைத்தேன். பத்து நாள் சம்பளமில்லா லீவு போட்டு, தினமும் சாயங்காலம் மூச்சுப் பழகினேன். பதினோராம் நாள் பஸ் ஏறினேன். டோல்கேட்டில் வந்தது. வராமலா இருக்கும்?

அட்டையை எடுத்தேன். எறங்காத என்றிருந்தது. கால்கள் படிக்கட்டுக்குப் போகத் துடித்தன. அழுத்தினேன். அப்போது பின்னாலிருந்து ஒரு கை தோளில் விழுந்தது.

“சார், நீங்கதானா! என் மல்லாட்டை குடோன் சாவி எங்க சார்? அட, மறுபடியும் வந்துடுச்சா?”

அந்தப் பின்சீட்டுக்காரரேதான், வேர்க்கடலை வியாபாரி போலிருக்கிறது. இன்னொரு சாவியை இடுப்பிலிருந்து உருவிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் பேச முடிந்திருந்தால் அவருக்கும் அட்டாக் வந்திருக்கும். அட்டையைத் திருப்பி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

படித்தார். மனசுக்குள் படிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை போலிருக்கிறது. “சாவி வேணாம்! சோடா வேணாம்! யோவ், யாரும் தண்ணி அடிக்காதீங்கப்பா! சுத்தி நிக்காதீங்க, தள்ளு தள்ளு!” பஸ் முழுக்க என் மானம் ஏலம் போனது. அட்டையின் முன்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். “மெதுவா பேசணுமாம்,” என்று அதையும் கத்திச் சொல்லிவிட்டு, சட்டென்று குரலைத் தாழ்த்தினார். “கால் தரையில கீதா சார்? நானு இங்கதான் கீறேன்.”

கம்பி. டிக்கெட் பை. எலுமிச்சம்பழம். ஒரு அம்மாவின் மஞ்சள் குடை. இவருடைய மீசை. ஐந்து.

டோல்கேட்டைத் தாண்டினோம். நடுக்கம் உடனே நிற்கவில்லை. நெஞ்சு அதன்பாட்டுக்குக் குதித்துக்கொண்டே இருந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சலித்துப்போய் அடங்கியது. நான் சாகவில்லை. இறங்கவும் இல்லை. திண்டிவனம் மேம்பாலத்தருகே பையிலிருந்து அவருடைய பழைய சாவியை எடுத்து நீட்டினேன்.

“பூட்ட ஒடச்சி புதுசு போட்டுட்டேன் சார்,” என்றார், எரிச்சலோடு. “இத வச்சிக்கினு நான் என்னா பண்றது?”

நியாயமான கோபம். மன்னிப்புக் கேட்டேன். முதல் பீரியடுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சாயங்காலம் வீட்டில் மச்சான் உட்கார்ந்திருந்தார், கையெழுத்துக்காக. விண்ணப்பத்தை எடுத்தேன். நாலு பிழையையும் சிவப்பு மையில் சுழித்து, பத்துக்கு மூன்று போட்டு, அவர் கையிலேயே கொடுத்தேன்.