இஸ்திரி வண்டிக் கரி

என் மகள் கலைமகளுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. எதிர்ப்படுகிற எல்லோரையும் நிறுத்திப் பேத்தியைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அவள் பிறந்த அன்று நான் செய்ததை மட்டும் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

நான் கோவிந்தராசு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பஞ்சாலையில் இருபது வருடம் வேலை பார்த்தேன். ஆலை மூடிய பிறகு, லாஸ்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் செடிகொடி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். கண்ணாடித் தட்டு கழுவுவதும் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் என் வேலை.

ஹேமலதா அங்கே ஆராய்ச்சி செய்கிற பெண். பார்த்தீனியம் முளைத்த இடத்தில் பச்சைப்பயறு குன்றிப்போகிறதே, அது ஏன் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அந்தக் களை விஷம் இறக்குகிறதா, இல்லை பக்கத்தில் நின்று உரத்தையும் தண்ணீரையும் பிடுங்கிக்கொள்கிறதா?

முதலில் தட்டில் பார்த்தாள். ஈரத்தாளில் பயறு வைத்து, ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் பார்த்தீனிய இலை ஊறிய பழுப்புத் தண்ணீர் விட்டாள். தட்டில் களையே கிடையாது, பிடுங்கித் தின்ன ஆளில்லை. அப்படியும் பழுப்புத் தண்ணீரில் பாதிகூட முளைக்கவில்லை. அதே தண்ணீரில் கரித்தூளைப் போட்டுக் குலுக்கி வடிகட்டினாள். வெளுத்து இறங்கியது. அதில் பயறு நன்றாகவே முளைத்தது.

"விஷத்தக் கரி புடிச்சிக்குது அண்ணே. இனிமே மண்ணுல பாக்கணும். தொட்டியில களையும் பயறும் ஒண்ணா வெக்கிறேன். பாதித் தொட்டியில கரி. கரி போட்டதுல பயறு தேறிச்சின்னா விஷந்தான். தேறலன்னா சோத்துக்குச் சண்டை."

"எங்க மில்லு கேன்டீன் மாதிரின்னு சொல்லு!" என்றேன். சிரித்தாள்.

தொட்டிக்குக் கரி எடை போட்டு வைக்க வேண்டிய அன்று மருமகன் முகிலன் போன் செய்தான். "மாமா, பொண்ணு! ரெண்டு பேரும் நல்லாருக்காங்க!" துள்ளியதில் முழங்கை பட்டுக் கரி பாட்டில் தரையில் விழுந்து உடைந்தது. ஈரத் தரை. அள்ள முடியவில்லை. மறு பாட்டில் வர இரண்டு மாதம் ஆகும்.

சொல்லியிருக்கலாம். பயந்துவிட்டேன். கரி கரிதானே என்றும் நினைத்தேன். வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மாவாசையிடம் கரி வாங்கி, இடித்து, துணியில் சலித்து, காலி பாட்டில் ஒன்றில் நிரப்பி லேபிள் எழுதி ஒட்டினேன். பிறகு எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தேன்.

"கையெல்லாம் கரியா இருக்கே அண்ணே?" என்று கேட்டுக்கொண்டே ஹேமலதா வாங்கித் தின்றாள்.

"அடுப்பத் தொடச்சேன்மா."

மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், களையோடு இருந்த பயறு எல்லாத் தொட்டியிலும் ஒரே மாதிரி குன்றியிருந்தது. கரி ஒரு வித்தியாசமும் காட்டவில்லை. அவள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் முருகையன் சார் அளந்து பார்த்தார். "தட்டுல விஷம், மண்ணுல வெறும் போட்டிதான். எழுதிடும்மா."

ஹேமலதாவுக்கு மனம் ஒப்பவில்லை. "ஒரு தடவ இந்தக் கரிய சோதிச்சிடறேன் சார்" என்று பழுப்புத் தண்ணீரில் போட்டுக் குலுக்கி வடிகட்டினாள். பழுப்பாகவே இறங்கியது.

"பாட்டிலத் தொறந்து போட்டியா? காத்து பட்டுக் கரி வீணாப்போச்சு!" சார் குரல் ஏறியது. "ஒரு பாட்டிலக்கூட ஒழுங்கா மூடத் தெரியாதா? இதுல டாக்டர் பட்டம் வேற!"

"நான்தான் சார் சரியா மூடலபோல" என்றாள். கண் கலங்கியிருந்தது.

நான் துடைப்பத்தோடு நின்றிருந்தேன். "சார், அது இஸ்திரிக் கரி. நான்தான் மாத்துனேன்."

"அடப்பாவி!" சார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அது துணி தேய்க்கிற கரிய்யா. இது விஷத்தப் புடிக்கவே கம்பெனியில பதம் பண்ண கரி. நாளைக்கி ஸ்பிரிட்டு தீந்துபோனா சாராயம் ஊத்தி வெப்பியா?"

அது உறைக்கவில்லை. ஹேமலதா மெதுவாகக் கேட்டது உறைத்தது. "பாப்பா பொறந்த அன்னிக்கா அண்ணே?"

தலையை மட்டும் ஆட்டினேன். ஜாங்கிரியை நினைத்திருப்பாள். தொட்டிகளைக் கவிழ்க்கப் போனாள்.

வேறொரு கல்லூரியில் நல்ல கரி இரவல் வாங்கி வந்தாள். மறுபடி விதைத்தாள். பேத்திக்குப் பெயர் வைத்த அன்றும் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் போனேன். இந்த முறை கரி போட்ட தொட்டியில், களை பக்கத்திலேயே நின்றும், பயறு தனியாக வளர்ந்த பயறுக்குக் கொஞ்சம்தான் குறைவாக இருந்தது. கரி இல்லாததில் பாதி உயரம்கூட இல்லை. போட்டியும் கொஞ்சம் உண்டு, ஆனால் பெரும்பங்கு விஷம்தான் என்று எழுதினாள்.

போன வாரம் அவள் ஆராய்ச்சி புத்தகமாகக் கட்டி வந்தது. நன்றி சொல்லும் பக்கத்தை விரித்துக் காட்டினாள். சாருக்குக் கீழே என் பெயர்.

"எதுக்கும்மா இது?"

"தண்ணி ஊத்துனது நீங்கதான அண்ணே."

அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தாள். என் மனைவி வசந்தா பார்த்தால் தெருவெல்லாம் காட்டுவாள். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். பேத்தியைத் தூக்கும்போது அது நெஞ்சில் குத்துகிறது. வெளியே எடுக்க மனம் வரவில்லை.