அறுபத்தெட்டு ரூபாய் ஆள்

செங்கோடன் கல்லாவில் கை வைத்தானாம், அதனால்தான் முதலாளி நிறுத்திவிட்டாராம். யார் பார்த்தது? பதினோரு வருஷம் வசூல் பணத்தைச் சட்டைப்பையில் வைத்து, ஊசி குத்தி, சூலூர்க் கடையில் கொண்டுவந்து எண்ணி வைத்தவன் அவன். பத்து ரூபாய் குறைந்த நாளில் தன் டீக்காசைப் போட்டவன். வீட்டுக்கு வீடு உட்கார்ந்து காப்பி குடித்தான் என்றால் ஒப்புக்கொள்ளலாம். குடித்தான்தான். தண்ணிகூடக் குடிக்காமல் படியிறங்கினால் நம் பக்கத்தில் எந்த வீட்டுக்காரி மறுபடி கூப்பிடுவாள்?

கடை பாலகோபாலுடையது. சென்னிமலைப் போர்வை, படுக்கை விரிப்பு. போனில் படம் பார்த்து ஆர்டர் சொல்வார்கள். செங்கோடன் தன் மொபெட்டில் கொண்டுபோய்க் கொடுப்பான். கேட்ட நிறத்தோடு வேறு நிறமும் ஒன்று எடுத்துப்போவான். காப்பி ஆறுவதற்குள் இரண்டையும் கட்டிலில் விரித்துக் காட்டுவான். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்தனுப்புவார்கள். ஒரு வீட்டிலிருந்தும் அவன் விற்காமல் திரும்பியதில்லை.

தை மாதம் பாலகோபால், கணக்கு எழுதும் ரூபினாவைக் கூப்பிட்டு, ஒரு ஆர்டர் கொண்டுசேர்க்க எத்தனை ஆகிறது என்று பார்க்கச் சொன்னார். அந்தப் பெண் சம்பளம் பதினைந்தாயிரம், பெட்ரோல் நாலாயிரத்து இருநூறு, வண்டி ரிப்பேர் ஆயிரத்து இருநூறு என்று கூட்டினாள். தினம் பன்னிரண்டு வீடு, மாதம் முந்நூறு. வகுத்தால் ஆர்டருக்கு அறுபத்தெட்டு.

"வேன் வெச்சா?"

"வாடகை, டிரைவர், டீசல் எல்லாஞ் சேர்ந்து முப்பத்தொம்பதாயிரமுங்க. ஆர்டர் அதே முந்நூறுதான், ஒண்ணுக்கு நூத்திமுப்பது. ஆர்டர் மூணு மடங்கானா யோசிக்கலாமுங்க."

"கூரியர்காரன் அம்பத்திரண்டுங்கறான். பதினாறு ரூபாய் மிச்சம்!"

பார்சல் கட்டிக்கொண்டிருந்த செங்கோடன் சிரித்தான். "அம்பத்திரண்டு ரூவாய்க்கு அவனுங்க காப்பி குடிப்பானுங்களா, தம்பி?"

"நீங்க குடிக்கற காப்பிக்கும் சேத்துத்தான் சம்பளம் தாரேன், செங்கோடண்ணா."

கடையே சிரித்தது. அவனும் சிரித்தான். கயிறு மட்டும் இரண்டு முறை அவிழ்ந்துபோனது.

ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று ரூபினா கெஞ்சினாள். ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டால்தான் ஐம்பத்திரண்டு, இல்லாவிட்டால் எழுபது என்றான் கூரியர்க்காரன். பாலகோபால் போட்டுவிட்டார். செங்கோடனைத் துரத்தவில்லை, அந்த ஒரு மாதம் பார்சல் கட்டச் சொன்னார். சாவியைப் பையிலேயே வைத்துக்கொண்டு, சுவரோரம் நின்ற மொபெட்டை அவன் தினமும் துடைத்தான்.

திரும்பி வந்த பார்சல்கள் மூலையில் ஏறின. நிறம் வேறாக இருக்கிறது, போன் எடுக்கவில்லை, வீடு பூட்டு என்று சீட்டு ஒட்டி வந்தன. செங்கோடன் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்ப்பான். "இந்த ஊட்டுக்காரம்மா பதினோரு மணிக்கு மேலதான் தோட்டத்துல இருந்து வருவாங்க, அம்மணி. காலையில போனா பூட்டுத்தான்."

"எனக்குத் தெரியுதுங்கண்ணா. கணக்குல எங்க எழுதறது?" என்றாள் ரூபினா.

மாதக் கடைசியில் பில் வந்தது. அனுப்பியது முந்நூறு, பதினைந்தாயிரத்து அறுநூறு. சரக்கைக் கொடுத்துக் கூரியர்க்காரனே காசு வசூலித்த நூற்றறுபது வீட்டுக்குத் தலைக்கு இருபத்தைந்து, நாலாயிரம். திரும்பிய நாற்பத்தைந்துக்கு வந்த கூலியும் தனி, இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது. ஆக இருபத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. விற்றதோ இருநூற்றைம்பத்தைந்துதான். ஆர்டருக்கு எண்பத்தாறு.

"அண்ணனுக்கு ஒண்ணுகூடத் திரும்பலீங்க. அன்னிக்கு அதை நாஞ் சேர்க்காம உட்டுட்டனுங்க," என்று அவள் தாளை நீட்டினாள்.

பாலகோபால் வாங்கிப் பார்த்தார். தாளை மடித்து மேசை டிராயரில் போட்டார். "கையெழுத்துப் போட்டாச்சே, அம்மணி. இன்னும் அஞ்சு மாசம். ரெண்டு பேருக்கும் கொடுக்க எங்கிட்ட இல்லீங்களே." செங்கோடன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

செங்கோடன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இன்று பேசுகிறவர்கள் அன்று அங்கே இல்லை. சம்பளத்தை எண்ணாமல் சட்டைப்பையில் வைத்து, பழக்கத்தில் ஊசியும் குத்திக்கொண்டான்.

வாசற்படியில் அன்று திரும்பிய பார்சல் ஒன்று வழியை மறித்துக் கிடந்தது. குனிந்து எடுத்து, விலாசத்தைப் பார்த்தான்.

"கண்ணம்பாளையத்து அம்மாங்களா? அவங்க நீலம் எடுக்கமாட்டாங்க, கண்ணு. மஞ்சளை அனுப்பு. பதினோரு மணிக்கு மேல," என்று அதை ரூபினாவின் கையில் கொடுத்தான். "வாரேனுங்க, தம்பி."

படியிறங்கிப் போனான்.