கூறைச்சேலையில் ஒரு மஞ்சள் கறை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு மட்டக்குளியில் மீன் பெட்டி ஏற்றினேன். கொலன்னாவையில் ஒரு லொறியில் உதவிக்கு ஓடினேன். கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அச்சகத்தில் மரண அறிவித்தல்கள் தட்டச்சுச் செய்தேன். எங்கேயும் அதிக காலம் நிற்கவில்லை. சில இடங்களில் அவர்கள் அனுப்பினார்கள், சில இடங்களில் நானே சொல்லாமல் போய்விட்டேன். வெள்ளவத்தையில் காலி வீதியிலுள்ள அந்தச் சேலைக்கடைக்கும் அப்படி வந்து சேர்ந்தவன்தான். மாடியிலிருந்து பொதி இறக்க வேண்டும், வாடிக்கையாளருக்கு விரித்துக் காட்டிய சேலைகளைத் திரும்ப மடித்து அடுக்க வேண்டும். முதலாளிக்குக் கைப்பேசியில் தமிழ் தட்டத் தெரியாது என்பதால் கடையின் முகநூல் பக்கமும் என் தலையில் விழுந்தது. புதிதாக வந்த சேலைகளைப் படம் எடுத்துப் போடுவேன், விலை கேட்பவர்களுக்குப் பதில் எழுதுவேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை.

அன்று காலை எங்களுக்கு முதலில் செய்தி சொன்னவர் பக்கத்துக் கடையிலிருந்து தேத்தண்ணீர் கொண்டுவரும் சிங்கள மனிதர். அவருக்குத் தமிழ் பாதி தெரியும். தம்பியை மல்லி என்பார், மனைவியை நோனா என்பார்.

"மல்லி, ஒங்கட கடேல பழைய சாரி இருக்காமே? எங்கட நோனாவுக்கு ஒண்டு குடுங்கோ. வெல கொறைச்சு."

எனக்கு விளங்கவில்லை. அவர் தன் கைப்பேசியை நீட்டினார். கொழும்புத் தமிழ்ப் பெண்கள் கல்யாணச் சாமான்கள் பற்றிக் கதைக்கும் ஒரு முகநூல் குழு அது. அவருடைய மருமகள் தமிழ்ப் பிள்ளை, அவள்தான் காட்டினாளாம்.

பதிவை எழுதியவள் அண்ணனின் கல்யாணத்துக்காக வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெண். எங்கள் பக்கத்தில் கூறைச்சேலை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார். இவளுடைய அம்மா எங்கள் கடையில் எடுத்திருக்கிறார். வெளிர் ரோஜா நிறப் பட்டு, பொன்னிறக் கரை. வீட்டில் விரித்துப் பார்த்தபோது, இடுப்பில் சொருகும் உள்தலைப்பில் மஞ்சள் கறை. ஒன்றல்ல, இரண்டு. படம் போட்டு, கடையின் பெயரையும் எழுதி, யாரோ உடுத்துத் திருப்பிக் கொடுத்த சேலையைப் புதுச் சேலை என்று கூறைக்கு விற்றுவிட்டார்கள், கவனமாக இருங்கள் என்று முடித்திருந்தாள். கீழே நூற்றுக்கணக்கானவர்கள். "இவங்கள் எப்பவும் இப்பிடித்தான்." "என்ர மச்சாளுக்கும் இதே கடையில நடந்தது." அந்த மச்சாளுக்கு என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

வேறு சேலை என்றால் இரண்டு நாள் பேசிவிட்டு விட்டுவிடுவார்கள். கூறைச்சேலை அப்படியல்ல. இன்னொருத்தி உடுத்ததைத் தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண்ணுக்கு உடுத்துவது என்று கேட்டாலே சனம் கையை உதறும். கூறை எடுக்க வருகிறவர்களோடுதான் தோழிச் சேலை, மாமிச் சேலை, சித்திச் சேலை எல்லாம் வரும். கடை ஓடுவது அதில். மதியத்துக்குள் இரண்டு குடும்பங்கள் தொலைபேசியில் "நாங்கள் வேற இடத்தில பாக்கிறம்" என்று சொல்லிவிட்டன.

முதலாளி யாழ்ப்பாணத்திலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் வந்து இந்தக் கடையை எழுப்பியவர். கோபம் வந்தால் சத்தம் குறையும்.

"தம்பி, எழுதும். எங்கட கடையை விட்டு வெளிக்கிடேக்க அந்தச் சீலையில ஒரு கறையும் இல்லை. பொய் எழுதினவைக்கு மேல வழக்குப் போடுவம். எழுதும்."

"வழக்கு வேண்டாம் முதலாளி. வழக்கெண்டு எழுதினா, பயத்தில எழுதினமெண்டு நினைப்பினம்."

"அப்ப என்ன, கும்பிட்டு எழுதச் சொல்லுறீரோ?"

நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடுத்த சேலை இல்லை என்பது அந்தப் படத்திலேயே தெரிந்தது. உடுத்த பட்டுக்குக் கீழ்க்கரையில் துணி வைத்துத் தைத்திருப்பார்கள், பிரித்தாலும் ஊசித் துளை நிற்கும். இதில் துளை இல்லை. தலைப்பில் நூல்கூட வெட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதையெல்லாம் சேர்த்து, வழக்கை விட்டு, ஒரு பதில் எழுதினேன். முதலாளி கேட்க வாசித்தேன். "எங்கள் கடையிலிருந்து வெளியேறும்போது சேலையில் எந்தக் கறையும் இருக்கவில்லை" என்ற வரிக்கு வந்தேன்.

"அத மட்டும் போடாதீங்க," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

சேலை காட்டும் அக்கா. மட்டக்குளியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். என்னைவிடப் பல வருடங்கள் மூப்பு, அந்தக் கடையில் முதலாளிக்கு அடுத்தபடி பழையவர். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல், ஏற்கெனவே மடித்த சேலைகளைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் பிள்ளை?" என்றார் முதலாளி.

"அது மஞ்சள். நான்தான் வச்சன்."

முதலாளி கதிரையில் உட்கார்ந்தார்.

அக்கா சொன்னது இதுதான். சேலை எடுத்த அன்று மூன்று பெண்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, அவருடைய தமக்கை, இன்னொரு உறவுக்காரி. சேலையை முழுக்க விரித்து, இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் காட்டி, சரி என்ற பிறகே மடித்தார். மற்ற இருவரும் பணம் கட்டப் போனபோது அந்த அம்மா மட்டும் நின்றுவிட்டார். கணவர் இல்லாதவர். வீட்டுக்குக் கொண்டுபோனால் சேலையின் மூலையில் மஞ்சள் வைக்க வேண்டும், தான் வைக்க விருப்பமில்லை, தமக்கையைக் கேட்டால் ஏன் என்று பெரிய கதையாகிவிடும், நீங்கள் தாலியோடு நிற்கிறீர்கள், உங்கள் கையால் ஒரு பொட்டு வைத்து விடுங்கள் என்று கேட்டாராம். சாமிப்படத்தடியில் மஞ்சள் இருந்தது. அக்கா விரலில் தண்ணீர் தொட்டுக் குழைத்து, வெளியே தெரியாத அந்தத் தலைப்பில் வைத்தார். காயவிட நேரமில்லை, தமக்கை கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மடித்துப் பைக்குள் வைத்தார். ஈர மஞ்சள் பட்டில் ஊறி, மடிப்பின் மறுபக்கத்திலும் பதிந்துவிட்டது. அதுதான் இரண்டாவது கறை.

"ஒருத்தருக்கும் சொல்ல வேணாம்னு சொன்னாங்க. அதான் காலைல இருந்து..." என்றார் அக்கா. "என்னைய வேலைய விட்டு நிப்பாட்டினாலும் பரவால்ல. பொய்ய மட்டும் போடாதீங்க."

"உம்மை ஆர் நிப்பாட்டினது?" என்றார் முதலாளி. "ஆனா புதுப் பட்டில ஈரக் கை வைக்கலாமோ? இத்தனை வருசம் என்னத்தை வித்தனீர்?"

அது திட்டுத்தான். ஆனாலும் அக்காவின் முகம் தெளிந்தது.

என் கையில் இருந்த பதில் பாதி உண்மை, பாதி பொய். பொய்யை மறுக்க நாங்களே ஒரு பொய்யைப் போட இருந்தோம். அதைப் போட்டிருந்தால் அந்த அம்மா தன் வீட்டுக்குள் ஒன்றும் சொல்ல முடியாமல் நின்றிருப்பார்.

முதலாளி பற்றுச்சீட்டில் இருந்த எண்ணுக்கு அழைத்து, எங்களுக்கும் கேட்கும்படி வைத்தார். அந்த அம்மா கல்கிசையில் வாடகைக்கு எடுத்த வீட்டில் இருந்தார். மகள் எழுதியது அவருக்குத் தெரியாது.

"ஐயோ, என்னட்ட ஒரு வார்த்தை கேக்காமல் போட்டிட்டாளோ?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மஞ்சள் கடையில வச்சதெண்டு போடுங்கோ தம்பி. நான் கேட்டனான் எண்டு மட்டும் போடாதேங்கோ. பொம்பிளை வீட்டுக்காரர் பாப்பினம். நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், தாலியில்லாதவ மங்கலத்தில தலையிட்டதாலதான் எண்டு என்னைத்தான் சொல்லுவினம்."

"அம்மா, நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனா நாங்களாப் பூசினம் எண்டு போட்டா, இந்தக் கடைக்காரர் கேளாமல் மஞ்சள் பூசுறவை எண்டெல்லோ சனம் சொல்லும்?" என்றார் முதலாளி.

இருவர் சொன்னதும் நியாயம். அச்சகத்தில் இருந்த காலத்தில் இதைவிடச் சிக்கலானவற்றை எழுதியிருக்கிறேன். இரண்டு குடும்பம் வைத்திருந்தவருக்கு, இரண்டு வீட்டாரும் அழுதுகொண்டு முன்னால் நிற்க, ஒரே அறிவித்தல் எழுத வேண்டியிருந்தது. பொய் எழுதாமல், ஒருவரையும் சந்தியில் நிறுத்தாமல் எழுதலாம் என்று அங்கே பழகியிருந்தேன்.

"அம்மா, வாங்க வந்தவர்கள் கேட்டுக்கொண்டபடி எண்டு எழுதினா?" என்று கேட்டேன். "மூண்டு பேர் வந்தனீங்கள்."

அந்த அம்மா யோசித்தார். "அது உண்மைதானே," என்றார். "அப்பிடியே போடுங்கோ. அவளோட நான் கதைக்கிறன்."

"எங்கள் கவனக்குறைவு" என்ற சொல்லை முதலாளி இரண்டு தடவை எடுக்கச் சொன்னார். அது இல்லாமல் மற்றதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று நான் எடுக்கவில்லை. கடைசியில் நாங்கள் போட்டது இது:

"எங்கள் கடையில் வாங்கிய கூறைச்சேலை ஒன்று முன்பு உடுத்தப்பட்டது என்று எழுதப்பட்டிருக்கிறது. அது சரியல்ல. அது புதிய சேலை. பதிவிலுள்ள படத்திலேயே கரையில் தையல் துளைகள் இல்லை என்பதையும், தலைப்பு நூல் வெட்டப்படவில்லை என்பதையும் காணலாம். தெரியும் கறை மங்கலத்துக்கு வைத்த மஞ்சள். வாங்க வந்தவர்கள் கேட்டுக்கொண்டபடி எங்கள் கடையில் வைக்கப்பட்டது. ஈரம் காயுமுன் மடித்தது எங்கள் கவனக்குறைவு, அதற்காக வருந்துகிறோம். விரும்பினால் சேலையை மாற்றித் தருவோம். உடுத்துத் திருப்பிய சேலையை நாங்கள் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. எழுதியவர் கறையைக் கண்டு கவலைப்பட்டது நியாயமே. அவரைக் குறைசொல்லி இங்கே எதுவும் எழுத வேண்டாம் என்று அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம். உண்மை தெரிந்த பின் அந்தப் பதிவைத் திருத்துமாறு அவரை அன்போடு வேண்டுகிறோம்."

அதைக் கடையின் பக்கத்திலும் அவளுடைய பதிவின் கீழும் போட்டேன். "நல்லாக் கதை கட்டுறாங்கள்" என்று ஒருவர் எழுதினார். நான் பதில் எழுதவில்லை. பின்னேரம் அந்தப் பெண் எழுதினாள்: "அம்மாவிடம் கேட்டேன். கடைக்காரர் சொல்வது சரி. கேட்காமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும்." சற்று நேரத்தில் அவள் பதிவையே எடுத்துவிட்டாள். அதோடு அவளுடைய மன்னிப்பும் போய்விட்டது. சேலையை மாற்றக் கொண்டுவரவில்லை. அதே சேலையைத்தான் உடுத்தப் போகிறார்களாம் என்று அந்த அம்மா அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னார்.

ஆனால் பதிவை முன்பே படம் பிடித்தவர்கள் அதைக் கைப்பேசிக்குக் கைப்பேசி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பொய் தானாகவே நடந்து போனது. எங்கள் பதிலை நாங்கள் ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. சில வாரங்கள் அதுவே எனக்கு வேலை. கடைக்குள் வந்து ஒரு மாதிரிப் பார்ப்பவர்களை முகத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். இந்த வேலையையும் விட்டுப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பதில் எல்லோரையும் சென்று சேரும்வரை போக மனம் வரவில்லை.

ஒரு நாள் வயதான அம்மா ஒருவர் மகளோடு வந்தார். எதையும் தொடாமல் நின்று, கைப்பேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இது உங்கட கடைதானே தம்பி?"

"ஓம் அம்மா. இதையும் ஒருக்கா வாசியுங்கோ," என்று எங்கள் பதிலை எடுத்துக் கொடுத்தேன்.

மூக்குக்கண்ணாடியைப் போட்டு, உதடு அசைய அசைய வாசித்தார். தன் கைப்பேசியிலிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். திரும்ப வாசித்தார். மகளிடம் ஏதோ மெல்லச் சொன்னார். அக்கா மடித்த சேலை ஒன்றைத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார் கடைசியில். "இந்த ரோசாக் கலர் வடிவாத்தான் இருக்கு. இன்னொண்டு கிடக்கோ?"

நான் மாடிக்கு ஏறினேன்.